அழித்துக் கொடுத்த போன் சித்தியிடம் போய்ப் பூட்டிக்கொண்ட கதை: ஒரு நிகழ்வு ஆய்வு

பழைய ஆண்ட்ராய்டு போன் ஒன்றை சித்திக்குக் கொடுத்தேன். கொடுப்பதற்கு முன் சுத்தமாக அழித்துத்தான் கொடுத்தேன், அல்லது அப்படி நினைத்துக்கொண்டேன். அவர் கைக்குப் போன போன் இரண்டு நாள் திறக்கவே இல்லை. திறந்த பிறகு என் கணக்கில் இருந்த 214 படங்கள் அழிந்தன. அதெல்லாம் பின்னால் சரியாகிவிட்டது, ஆனால் எனக்கு வேண்டிய ஒன்று மட்டும் திரும்பி வரவே இல்லை. ஒவ்வொரு கட்டத்திலும் என்ன நடந்தது, ஏன் நடந்தது, எங்கே நிறுத்தியிருக்கலாம் என்பதை வரிசையாக எழுதி வைக்கிறேன். இதே தப்பைச் செய்யப் போகிறவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் பழைய போன் மேசை டிராயரில் கிடக்காத வீடே இல்லை.

எட்டு மாதம் டிராயரில்

புது போன் வாங்கியபோது அதில் பழைய போனிலிருந்து எல்லாம் தானாக வந்து இறங்கியது. தொடர்பு எண்கள் வந்தன, ஆப்கள் வந்தன, வாட்ஸ்அப் உரையாடல்கள் வந்தன, படங்கள் கூகுள் போட்டோஸில் ஏற்கெனவே இருந்தன. சரி, எல்லாம் வந்தாயிற்று என்று பழைய போனை அப்படியே அணைத்து டிராயரில் போட்டேன். அதில் என் கூகுள் கணக்கு இருந்தது, போன் தயாரிப்பாளரின் கணக்கும் இருந்தது, திரைப்பூட்டும் இருந்தது. எதையும் தொடவில்லை.

எட்டு மாதம் கழித்து சித்தியின் போன் கீழே விழுந்து உடைந்தது. "உன்கிட்ட பழைய போன் ஏதாச்சும் இருந்தா குடேன்ப்பா" என்று கேட்டார். வெள்ளிக்கிழமை இரவு டிராயரிலிருந்து எடுத்து சார்ஜ் போட்டேன். மறுநாள் காலை அவர் ஊருக்குப் போகும் ஒருவர் கையில் கொடுத்துவிட வேண்டும், அதுதான் அவசரம்.

போன் உயிர் பெற்றதும் பின் எண் கேட்டது. கைரேகை வைத்தேன், ஏற்கவில்லை. போன் அணைந்து திரும்ப எழும்போது முதல் தடவை கைரேகையை ஏற்காது, பின் எண்ணோ பேட்டர்னோ கொடுத்தே ஆக வேண்டும். சேமிப்பில் உள்ள தகவல்களைப் பூட்டியிருக்கும் சாவி அந்த எண் வழியாகத்தான் திறக்கிறது, கைரேகை அதற்குப் பிறகு வரும் வசதி மட்டுமே. அந்த ஆறு இலக்க எண் எனக்கு மறந்து போயிருந்தது. முதல் நான்கு இலக்கம் நினைவில் இருந்தது, கடைசி இரண்டு மட்டும் பிடிபடவில்லை. ஐந்து தடவை தவறாகப் போட்டதும் 30 நொடி காத்திருக்கச் சொன்னது, அப்புறம் அந்தக் காத்திருப்பு நீண்டுகொண்டே போனது.

உள்ளே போக முடியாவிட்டால் செட்டிங்ஸுக்குள் போக முடியாது, கணக்கிலிருந்து வெளியேறவும் முடியாது. அப்போதே நிறுத்தி யோசித்திருக்க வேண்டும். நான் யோசிக்கவில்லை, பட்டன் வழியைப் பிடித்தேன். போனை அணைத்து, பவர் பட்டனையும் சத்தம் கூட்டும் பட்டனையும் சேர்த்து அழுத்திப் பிடித்தால் ரெகவரி என்ற கறுப்புத் திரை வரும். அதில் `Wipe data/factory reset` என்ற வரியைத் தேர்ந்தெடுத்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. போன் திரும்ப எழுந்து வரவேற்புத் திரையைக் காட்டியது, கடையிலிருந்து வந்த புது போன் மாதிரியே இருந்தது. அந்தத் திரையோடு திருப்திப்பட்டு அணைத்து உறையில் போட்டுவிட்டேன். அடுத்த இரண்டே இரண்டு திரைகளைத் தாண்டிப் பார்த்திருந்தால் விஷயம் அன்றிரவே தெரிந்திருக்கும்.

ஞாயிறு காலை

சித்தியின் பேரன் போன் செய்தான். "பெரியப்பா, வைஃபை போட்டதும் பழைய பின் கேக்குது, என்ன நம்பர்?" எனக்குத் தெரிந்தால்தானே சொல்வேன். அதே திரையில் கீழே, பின் எண்ணுக்குப் பதிலாகக் கூகுள் கணக்கைப் பயன்படுத்தலாம் என்று ஒரு வரி இருந்தது. அதைத் தட்டினால், இந்தப் போன் அழிக்கப்பட்டிருக்கிறது, இதில் முன்பு இருந்த கூகுள் கணக்கில் உள்நுழைந்தால்தான் தொடரலாம் என்றது. தாண்டிச் செல்ல வழியே இல்லை.

இதற்கு எஃப்ஆர்பி என்று பெயர். Factory Reset Protection என்பதன் சுருக்கம். 2015-இல் ஆண்ட்ராய்டு 5.1-உடன் வந்தது. யாராவது போனைத் திருடி, பட்டன் வழியாக அழித்துவிட்டு விற்றுவிடக் கூடாது என்பதற்காக வைத்த பூட்டு. அது இருக்கும் இடத்தைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் புரிந்துவிடும். போனின் சேமிப்பு பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. நம் படங்கள், ஆப்கள், செய்திகள் எல்லாம் இருக்கும் பெரிய பகுதி ஒன்று, அழிப்பது என்றால் இதைத்தான் அழிக்கிறது. இதற்கு வெளியே மிகச் சிறிய பகுதி ஒன்று தனியாக இருக்கிறது, அதில்தான் 'இந்தப் போன் இன்ன கணக்குக்கு உரியது' என்ற குறிப்பு இருக்கும். ரெகவரி வழியாக அழிக்கும்போது அந்தச் சின்னப் பகுதியைத் தொடாது. தொடக் கூடாது என்பதுதான் அதன் நோக்கமே. ரெகவரிக்குப் போக யாருக்கும் எந்த எண்ணும் தேவையில்லை, ஆகவே அந்த வழியாக வருகிறவர் உரிமையாளர் என்று போன் நம்புவதில்லை.

செட்டிங்ஸுக்குள் போய் முறையாக அழிக்கும்போது நிலைமை வேறு. அங்கே பின் எண் கேட்கும். அதைக் கொடுத்தவர் உரிமையாளர் என்று எடுத்துக்கொண்டு பொதுவாக அந்தக் குறிப்பையும் சேர்த்து நீக்கிவிடும். அதற்கும் முன்பாகவே கணக்கை நீக்கிவிட்டால் குறிப்பு வைத்திருக்கக் கணக்கே இல்லை. அதனால்தான் 'முதலில் கணக்கிலிருந்து வெளியேறு, அப்புறம் அழி' என்று சொல்வது. ஆக, வெள்ளி இரவு நான் செய்தது திருடன் செய்யும் காரியம். போன் என்னைத் திருடன் மாதிரி நடத்தியது, அது சரியாகத்தான் வேலை செய்தது.

பாஸ்வேர்டை மாற்றிக் கெடுத்தது

கணக்கின் பெயர் தெரியும், பாஸ்வேர்டு தெரியாது. புது போனில் எப்போதும் உள்நுழைந்தே இருப்பதால் அதை நான் தட்டச்சு செய்தே பல மாதம் ஆகியிருந்தது. சரி, புதிதாக வைத்துவிடலாம் என்று என் போனிலிருந்து ஞாயிறு காலை 10 மணிக்கு பாஸ்வேர்டை மாற்றினேன். பேரனிடம் சொன்னேன், எழுத்து எழுத்தாகத் தட்டினான், ஏற்கவில்லை. எழுத்துப் பிழை என்று நினைத்து மூன்று தடவை தட்டச் சொன்னேன். பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்று அவனோடு சத்தம் போட்டேன், பாவம். மாலை 6 மணிக்கு, சொல்ல எளிதாக இருக்கட்டும் என்று இன்னொரு பாஸ்வேர்டு வைத்தேன். அதுவும் போகவில்லை.

பிறகுதான் கூகுளின் உதவிப் பக்கத்தை உட்கார்ந்து படித்தேன். அண்மையில் பாஸ்வேர்டு மாற்றிய கணக்கைக் கொண்டு, அழிக்கப்பட்ட போனைத் திறக்க முடியாது, 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும். காரணம் நியாயமானது. ஒருவருடைய போனைத் திருடியவர், அவருடைய கணக்கின் பாஸ்வேர்டையும் எப்படியோ மாற்றிவிட்டால் போனை உடனே திறந்துவிடலாம். அந்த ஒரு நாள் இடைவெளியில் உண்மையான உரிமையாளருக்கு எச்சரிக்கை போய்ச் சேர்ந்து, அவர் கணக்கை மீட்டுக்கொள்ள வாய்ப்பு கிடைக்கிறது.

நான் மாலை 6 மணிக்கு இரண்டாவது தடவை மாற்றியதால் காலை 10 மணியிலிருந்து ஓடிக்கொண்டிருந்த 24 மணி நேரக் காத்திருப்பு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. எட்டு மணி நேரம் வீண். இந்த நிலைமையில் மாட்டியவர்கள் பதற்றத்தில் திரும்பத் திரும்ப பாஸ்வேர்டை மாற்றுவார்கள், நானும் அதைத்தான் செய்தேன். ஒரு தடவை மாற்றியாயிற்றா, ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டு, நேரத்தையும் குறித்துவிட்டு, அடுத்த நாள் வரை எதையும் தொடாமல் இருப்பதுதான் வழி.

அதற்கிடையில் நான் முயன்ற இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என் கூகுள் கணக்கின் சாதனங்கள் பட்டியலில் அந்தப் பழைய போன் இருந்தது. அதைத் தேர்ந்தெடுத்து அங்கிருந்தே வெளியேற்றினேன். போன் திறக்கும் என்று நினைத்தேன், திறக்கவில்லை. பட்டியலில் நீக்குவது அந்தப் போன் இனி என் கணக்கைத் தொடாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். உரிமைக் குறிப்பு போனுக்குள் இருக்கிறது. தூரத்திலிருந்து அதை அழிக்க அந்தப் பட்டியலால் முடியாது.

பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் சித்தியிடம், இதை உடைத்துத் தரும் கடைகள் இருக்கின்றன என்று சொல்லியிருக்கிறார். வேண்டாம் என்று தடுத்தேன். பழைய ஆண்ட்ராய்டு பதிப்புகளில் ஏதாவது ஓட்டை வழியாக அமைப்புத் திரையைத் தாண்டிப் போவார்கள். அப்படித் தாண்டினாலும் குறிப்பு உள்ளேயேதான் இருக்கும், அடுத்த தடவை அழித்தால் மறுபடி கேட்கும். ஆண்ட்ராய்டு 15-லிருந்து அந்தத் தாண்டலே பயன்படாது. திரையைத் தாண்டினாலும் புதுக் கணக்கு சேர்க்க விடாது, புதுப் பின் வைக்க விடாது, ஆப் நிறுவவும் விடாது. அதையெல்லாம் விட, யாரோ ஒருவர் எங்கிருந்தோ இறக்கிய மென்பொருளைப் போட்டுத் திறந்த போனில் சித்தி தன் வங்கிக் கணக்கைத் திறப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

திறந்தது, ஆனால் என் கணக்கோடு

திங்கள் இரவு 7 மணிக்கு அதே பாஸ்வேர்டு போனது. என் போனில் 'நீங்கள்தானா?' என்ற கேள்வி வந்தது, ஆம் என்றேன். சித்தியின் கையில் போன் திறந்தது. எல்லோருக்கும் மகிழ்ச்சி, நானும் போனை வைத்துவிட்டுத் தூங்கப் போனேன்.

இந்த இடத்தில்தான் இரண்டாவது தவறு நடந்தது, முதல் தவறைவிட இது எனக்கு அதிகம் உறுத்துகிறது. பூட்டைத் திறக்க என் கணக்கைக் கொடுத்தபோது, அது வெறும் சாவியாக மட்டும் இருக்கவில்லை. அந்தக் கணக்கே போனில் சேர்ந்துவிட்டது. அமைப்பு வேலைகள் முடிந்ததும் என் தொடர்பு எண்கள் ஒவ்வொன்றாக சித்தியின் போனில் வந்து இறங்கின. "யாருப்பா இவங்க எல்லாம், எனக்குத் தெரிஞ்சவங்க ஒருத்தரையும் காணோமே" என்று செவ்வாய்க்கிழமை கேட்டார். நான் அலுவல் வேலையில் இருந்தேன், அப்புறம் பார்க்கலாம் சித்தி என்று சொல்லிவிட்டேன்.

அன்று மாலை பேரன் போட்டோஸ் ஆப்பைத் திறந்திருக்கிறான். என் குடும்பப் படங்கள் இருந்தன. போன் மெதுவாக இருக்கிறது, இடம் பிடிக்கிறது, பெரியப்பாவிடம்தான் இதெல்லாம் இருக்குமே என்று பழைய படங்களாகத் தேர்ந்தெடுத்து அழித்திருக்கிறான். அவன் மேல் தப்பே இல்லை, அவன் நினைத்தது இயல்பானது: இந்தப் போனில் அழித்தால் இந்தப் போனில் போகும். ஆனால் கூகுள் போட்டோஸ் அப்படி வேலை செய்வதில்லை. உள்நுழைந்திருக்கும் கணக்கின் தொகுப்பைத்தான் அது காட்டுகிறது. அங்கே ஒரு படத்தை நீக்கினால் கணக்கிலிருந்தே போகும், அந்தக் கணக்கு திறந்திருக்கும் எல்லாப் போனிலும் போகும். புதன் காலை என் போனில் என் மகளின் பள்ளி ஆண்டு விழாப் படங்களைத் தேடினேன், ஒன்றுகூட இல்லை.

நல்லவேளை, நகலெடுக்கப்பட்ட படங்கள் நீக்கிய பிறகு 60 நாள் குப்பைத்தொட்டியில் இருக்கும். உள்ளே போய்ப் பார்த்தேன், 214 இருந்தன. அனைத்தையும் தேர்ந்தெடுத்து மீட்டுவிட்டேன். அவன் குப்பைத்தொட்டியையும் காலி செய்திருந்தால் அதோடு போயிருக்கும்.

இதே குழி போன் கொடுப்பவர்களுக்கும் வெட்டி வைத்திருக்கிறது. அழிப்பதற்கு முன் 'எதற்கும் இருக்கட்டும், படங்களையும் நம்பர்களையும் கையால் நீக்கிவிடுவோம்' என்று உட்கார்ந்து ஒவ்வொன்றாக நீக்குபவர்களை நான் பார்த்திருக்கிறேன். கணக்கு உள்ளே இருக்கும்போது அப்படி நீக்கினால், போனிலிருந்து போவதோடு கணக்கிலிருந்தும் போகும், புது போனிலும் காணாமல் போகும். ஐபோனிலும் ஐகிளவுட் திறந்திருந்தால் இதே கதைதான். கையால் எதையும் நீக்க வேண்டாம். கணக்கை வெளியேற்றினால் அந்தக் கணக்கின் படங்களும் எண்களும் போனிலிருந்து விலகும், கணக்கில் பத்திரமாக இருக்கும். மீதியை அழிப்பு பார்த்துக்கொள்ளும்.

புதன் இரவு: மறுபடி, முறையாக

என் கணக்கை மட்டும் நீக்கிவிட்டு சித்தியின் கணக்கைச் சேர்த்தாலே பூட்டுப் பிரச்சினை தீர்ந்திருக்கும், அது உண்மைதான். ஆனால் அந்த இரண்டு நாளில் இறக்கிய ஆப்கள் எல்லாம் என் கணக்கில் இறங்கியவை, பேரனின் விளையாட்டு என் பெயரில் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு நாள் பயன்பாடுதானே, அவர்கள் எடுத்த பத்துப் படங்களை வேறு போனுக்கு அனுப்பிவிட்டு முழுவதுமாக அழித்துத் தொடங்குவதே சுத்தம் என்று முடிவு செய்தேன். வீடியோ அழைப்பில் பேரன் போனைப் பிடித்துக்கொள்ள, நான் சொல்லச் சொல்லச் செய்தான்.

முதலில் செட்டிங்ஸில் கணக்குகள் பட்டியல். சில போன்களில் `Passwords & accounts` என்று இருக்கும், சிலவற்றில் `Accounts and backup` என்ற பெயருக்குள் இருக்கும். பெயர் எதுவானாலும் செட்டிங்ஸின் மேலே உள்ள தேடல் கட்டத்தில் account என்று தட்டினால் வந்துவிடும். அந்தப் பட்டியலை முழுவதும் கீழே வரை படிக்க வேண்டும். கூகுள் கணக்கு ஒன்றுக்கு மேல் இருக்கலாம், எப்போதோ சேர்த்த அலுவலகக் கணக்கு இருக்கலாம். போன் தயாரிப்பாளரின் கணக்கு தனியாக இருக்கும், அதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். சாம்சங், ஷாவ்மி போன்றவற்றின் கணக்குகளுக்கு அவற்றுக்கே உரிய பூட்டு உண்டு, கூகுளை மட்டும் நீக்கிவிட்டு இதை விட்டால் மறுபடி வேறொரு திரையில் மாட்டிக்கொள்ள நேரலாம்.

தயாரிப்பாளர் கணக்கை முதலில் நீக்குவது என் பழக்கம். அதற்குத் தனி பாஸ்வேர்டு கேட்கும், அது மறந்திருந்தால் மீட்புக் கடிதம் மின்னஞ்சலுக்குத்தான் வரும். மின்னஞ்சல் திறந்திருக்கும்போதே அந்த வேலையை முடித்துவிடுவது நல்லது. கூகுள் கணக்கு கடைசியில். அதைத் தட்டி `Remove account` கொடுத்தால் திரைப்பூட்டின் எண்ணைக் கேட்கும். கொடுத்ததும் பட்டியல் காலியாக வேண்டும். காலியான பட்டியலை கேமராவில் காட்டச் சொல்லிக் கண்ணால் பார்த்த பிறகுதான் அடுத்த படிக்குப் போனேன்.

அப்புறம் சிம்மை வெளியே எடுத்தான். மெமரி கார்டு இருந்தால் அதையும் எடுத்துவிட வேண்டும், சாதாரண அழிப்பு அதைத் தொடாமல் விட்டுவிடும், அதில் உள்ள படங்கள் அப்படியே அடுத்தவர் கைக்குப் போகும். இ-சிம் வைத்திருப்பவர்களுக்கு அழிக்கும் திரையிலேயே அதையும் நீக்கவா என்று ஒரு தேர்வு வரும். போனை இன்னொருவருக்குக் கொடுக்கிறோம் என்றால் நீக்க வேண்டும், ஆனால் அந்த எண் புது போனுக்கு மாறி வேலை செய்கிறது என்று உறுதியான பிறகு.

சார்ஜரில் மாட்டிக்கொண்டு, செட்டிங்ஸில் `System`, அதற்குள் `Reset options`, அதற்குள் `Erase all data`. சாம்சங்கில் இது `General management` என்பதற்குள் இருக்கும். பின் எண் கேட்டது, கொடுத்தான், போன் அணைந்து எழுந்தது.

வரவேற்புத் திரையில் இந்தத் தடவை நிற்கவில்லை. மொழி தேர்ந்தெடுத்து, வைஃபை கேட்கும் இடத்துக்குப் போகச் சொன்னேன். அங்கே `Set up offline` என்ற வரி இருந்தது. வைஃபை கொடுத்து அடுத்த திரைக்குப் போனால் கூகுள் உள்நுழைவுப் பக்கத்தில் `Skip` இருந்தது. இந்த இரண்டும்தான் அடையாளம். பூட்டு இருக்கும் போன் இணையம் இல்லாமல் தொடர விடாது, கணக்குப் பக்கத்தைத் தாண்டவும் விடாது, பழைய பின்னையோ பழைய கணக்கையோ கேட்கும். வெள்ளி இரவு நான் இந்த இடம் வரை வந்திருந்தால் போன் என் கையில் இருக்கும்போதே கண்டுபிடித்திருப்பேன். `Skip` கண்ணில் பட்டதும் நிறுத்தி, அணைத்து, கொடுத்துவிடலாம். மீதி அமைப்பை வாங்குபவர் தன் கணக்கில் செய்துகொள்வார்.

போன் என் கணக்கிலிருந்து முழுவதும் விலகிய பிறகுதான் பேரனிடம் சொன்ன பாஸ்வேர்டை மாற்றினேன். இந்த வரிசை முக்கியம். அழிப்பதற்கு முன் மாற்றியிருந்தால், ஏதாவது தவறி பூட்டு விழும்போது மறுபடி ஒரு நாள் காத்திருக்க வேண்டியிருக்கும்.

ஐபோனில்

சில மாதம் கழித்து தங்கை தன் ஐபோனை மகனுக்குக் கொடுத்தபோது பக்கத்தில் இருந்தேன். அங்கே பூட்டின் பெயர் Activation Lock, 2013-இல் ஐஓஎஸ் 7-உடன் வந்தது. செட்டிங்ஸில் `General`, `Transfer or Reset iPhone`, `Erase All Content and Settings` என்று போனால் அது ஆப்பிள் கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்டு, கணக்கையும் பூட்டையும் சேர்த்தே விலக்கிவிடுகிறது. கணினியில் மாட்டி ரெகவரி வழியாக அழித்தால் பூட்டு அப்படியே நிற்கும், `iPhone Locked To Owner` என்று திரையில் வரும். ஒரு வித்தியாசம் பெரிது: ஆப்பிளில் உரிமைக் குறிப்பு அவர்களுடைய சர்வரில் இருக்கிறது. எனவே போன் ஏற்கெனவே கைமாறிப் போயிருந்தாலும், உரிமையாளர் ஐகிளவுட் தளத்தில் உள்நுழைந்து அந்தப் போனை அழித்து, கணக்கிலிருந்து நீக்கிவிட்டால் தூரத்திலிருந்தே பூட்டு விலகும். நான் ஞாயிற்றுக்கிழமை கூகுளில் எதிர்பார்த்தது இதைத்தான்.

திரும்பி வராதது

பழைய போனில் ஒலிப்பதிவு ஆப் ஒன்று இருந்தது. அப்பா உடம்பு சரியில்லாமல் இருந்த நாட்களில் அவர் தன் சின்ன வயதுக் கதைகளைச் சொல்லும்போது மேசை மேல் போனை வைத்துப் பதிவு செய்திருந்தேன், 11 பதிவுகள். புது போனுக்கு எல்லாம் வந்துவிட்டது என்று நினைத்தபோது நான் பார்த்தது எண்களும் ஆப்களும் படங்களும்தான். அந்த ஒலிப்பதிவு ஆப் தன் கோப்புகளைப் போனுக்குள்ளேயே வைத்திருந்தது, எந்தக் கணக்கோடும் அதற்குத் தொடர்பு இல்லை. ரெகவரியில் ஒரு நிமிடத்தில் அழிந்ததில் அவையும் போயின.

மீட்டுத் தர முடியுமா என்று விவரம் தெரிந்த ஒருவரிடம் கேட்டேன். முடியாது என்று நேராகச் சொன்னார், காரணமும் சொன்னார். இன்றைய போன்களில் சேமிப்பு முழுவதும் மறையாக்கம் செய்யப்பட்டிருக்கிறது. ஆண்ட்ராய்டு 10-உடன் வரும் புதுப் போன்கள் எல்லாவற்றுக்கும் அது கட்டாயம். அழிக்கும்போது மறையாக்கச் சாவி போய்விடுகிறது, அதன் பிறகு சிப்பில் ஏதாவது மிச்சம் இருந்தாலும் அது வெறும் குப்பை, யாராலும் படிக்க முடியாது. உறவினருக்குக் கொடுக்கும் போனில் நம் பழைய செய்திகளை யாரும் தோண்டி எடுக்க முடியாது என்ற நிம்மதியைத் தருவதும் இதேதான். இரண்டையும் சேர்த்துத்தான் ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அதனால் இப்போது போன் மாற்றும் ஒவ்வொருவரிடமும் நான் கேட்பது ஒன்றே ஒன்று. கொடுக்கும் நாள் வரும்வரை காத்திருக்காதீர்கள், புது போனுக்கு மாறிய அதே வாரத்தில், பின் எண் விரலில் இருக்கும்போதே, பழையதை முடித்துவிடுங்கள். பழைய போனை ஒரு நாள் இணையம் இல்லாமல் வைத்துக்கொண்டு உள்ளே போய், கணக்கில் சேராத கோப்பு எது என்று பாருங்கள். ஒலிப்பதிவு, அழைப்புப் பதிவு, டவுன்லோட்ஸ் கோப்புறை, 'போன்' என்று சேமித்த எண்கள். இந்த நான்கும்தான் பெரும்பாலும் விடுபடுபவை. இரண்டடுக்குப் பாதுகாப்புக்குக் குறியீடு தரும் ஆப் அந்தப் போனில் இருந்தால், புது போனில் அது சரியான எண்ணைக் காட்டுகிறதா என்று ஒரு கணக்கிலாவது உள்நுழைந்து பாருங்கள். அதைப் பார்க்காமல் அழித்துவிட்டு மின்னஞ்சலுக்குள்ளேயே போக முடியாமல் தவித்தவர் ஒருவரை எனக்குத் தெரியும். அதன் பிறகு கணக்குகளை நீக்கி, அழித்து, `Skip` தெரிகிறதா என்று பார்த்து, அணைத்து டிராயரில் போடுங்கள். அப்புறம் எட்டு மாதம் ஆனாலும் எடுத்துக் கொடுக்கலாம்.

சித்தியின் போனில் இப்போது அவருடைய கணக்கு மட்டும் இருக்கிறது. அதாவது அந்தப் பூட்டு இப்போது அவர் பெயரில் இருக்கிறது. அவருக்குக் கணக்கு தொடங்கியபோது பேரன் வேடிக்கையாக ஏதோ ஒரு பாஸ்வேர்டு வைக்கப் பார்த்தான், நிறுத்தினேன். மின்னஞ்சல் முகவரி, பாஸ்வேர்டு, திரைப்பூட்டு எண், மூன்றையும் சித்தியின் கையெழுத்திலேயே அவருடைய கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுத வைத்தோம். மீட்பு எண்ணாக என் எண்ணைச் சேர்த்திருக்கிறோம்.